நீங்க மெயிலைத் திறந்தது அவங்களுக்கு எப்படித் தெரியுது?

பிள்ளைகளோட நீச்சல் வகுப்பு, கோடை முகாம், பிறந்தநாள் பார்ட்டி நடத்தும் இடம் என்று எங்கே மெயில் முகவரி கொடுத்தாலும், அடுத்த வாரத்திலிருந்து விளம்பர மெயில் வர ஆரம்பிச்சிடும். அது தெரிந்ததுதான். நீங்க திறந்து பார்த்தீங்களா, எப்போ பார்த்தீங்க என்பது அனுப்பினவருக்குத் திரும்பிப் போவது பலருக்குத் தெரியாது. அது எப்படி நடக்கிறது என்று இந்த வாரம் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட ஒரு மெயிலை ஜிமெயிலில் திறந்து, மெனுவில் Show original என்பதைத் தட்டினால் உள்ளே இருக்கும் எழுத்தெல்லாம் தெரியும். கடைசிப் பக்கமாகத் தேடினால் பெரும்பாலும் இப்படி ஒரு வரி கிடைக்கும்:

```
<img src="https://track.example.com/open.gif?m=712&u=48213" width="1" height="1">
```

இது ஒரு படம். அகலம் ஒரு புள்ளி, உயரம் ஒரு புள்ளி, நிறமே கிடையாது. உங்க கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. விஷயம் என்னன்னா, படம் மெயிலுக்குள்ள இல்லை. படம் இருக்கும் முகவரி மட்டும்தான் இருக்கு. நீங்க மெயிலைத் திறந்ததும் உங்க ஃபோன் அந்த முகவரிக்குப் போய், "படத்தைக் கொடு" என்று கேட்கிறது. கேட்கும்போதே, எந்த மெயில் (712), யாருக்கு அனுப்பியது (48213) என்பதையும் சொல்லிவிடுகிறது. அந்தப் பக்கத்து சர்வர் நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் வித்தை.

ஒரு உதாரணம் பார்ப்போம். நீச்சல் வகுப்பு ஒன்று வியாழன் மாலை 2,000 பெற்றோருக்கு மெயில் அனுப்புகிறது. 2,000 பேருக்கும் 2,000 வேறு வேறு எண்கள். உங்களுடையது 48213. இரவு 9:40க்குப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஃபோனில் திறக்கிறீங்க, ஒரு பதிவு. மறுநாள் மதியம் அலுவலகக் கணினியில் இன்னொரு தடவை. வேறு ஐபி முகவரி, வேறு கருவி, இரண்டாவது பதிவு. "இதைப் பாருங்க" என்று வீட்டுக்காரருக்கு ஃபார்வர்டு பண்றீங்க. படமும் கூடவே போவதால், அவர் திறந்தாலும் உங்க எண்ணில்தான் ஏறும். இப்போ அவங்க திரையில் நீங்க மூணு தடவை பார்த்தும் பணம் கட்டாத ஆள். வெள்ளி மாலை "இன்னும் சில இடங்களே உள்ளன" என்று ஒரு மெயில் வந்தால், அது தற்செயலாக இருக்கணும்னு இல்லை.

இதற்கும் எல்லை உண்டு. அந்தப் படத்தால் உங்க மற்ற மெயில்களைப் படிக்க முடியாது, காண்டாக்ட் பட்டியலைத் தொட முடியாது. ஐபி முகவரியை வைத்து ஊரைத் தோராயமாகச் சொல்லலாம்; வீட்டுக் கதவு எண் தெரியாது. 2013 கடைசியிலிருந்து ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாக எடுத்துக் கொடுப்பதால், அதில் ஐபியும் கருவியும் மறைந்துவிடும். ஆனால் எண் ஒவ்வொருவருக்கும் தனி என்பதால் "திறந்தார்" என்பது மட்டும் தெரிந்துவிடும். ஐஃபோனின் மெயில் ஆப்பில் 2021இல் ஆப்பிள் வேறு வழி கொண்டுவந்தது: நீங்க திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை அதுவே முன்கூட்டி எடுத்துவிடும். அனுப்பினவருக்கு எல்லாருமே திறந்த மாதிரிதான் தெரியும். ஆனா ஐஃபோனில் ஜிமெயில் ஆப் வைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

நிறுத்துவது சுலபம். கணினியில் ஜிமெயிலின் Settings போய், Images என்ற இடத்தில் Ask before displaying external images என்பதைத் தேர்ந்தெடுங்க. ஐஃபோனில் மெயில் ஆப்புக்கான அமைப்புகளில் Protect Mail Activity என்பதைப் போட்டு வையுங்க. படம் வராவிட்டால் பதிவும் இல்லை. ஆனால் மெயிலில் உள்ள இணைப்பைத் தட்டினால் அது தனியாகப் பதிவாகும், ஏன்னா அந்த இணைப்பிலும் பெரும்பாலும் உங்க எண் இருக்கும். அதைத் தவிர்க்க, பிரவுசரில் அவங்க தளத்தின் பெயரை நீங்களே அடித்துப் போங்க.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வைக்கணும். சில இடங்களில், பல மாதமாகத் "திறக்காதவர்களை" பட்டியலிலிருந்து எடுத்துவிடுவாங்க. நீங்க படங்களை நிறுத்தி வைத்திருந்தால், ஒவ்வொரு மெயிலையும் வரி விடாமல் படித்தாலும் அவங்க கணக்கில் நீங்க திறக்காதவர்தான். உண்மையிலேயே வேண்டிய வகுப்பு என்றால், எப்போதாவது ஒரு மெயிலில் மட்டும் படங்களைக் காட்டச் சொல்லுங்க, இல்லை ஒரு வரி பதில் போட்டு "பட்டியலில் என்னை வைத்திருங்க" என்று சொல்லிவிடுங்க.