பெல்ற் வாங்கினால் பராமரிப்பு இல்லையாம்!

பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் வேலைக்குப் போய்வருகிற நாங்கள் கொஞ்ச நாளாக ஒரே கதையைத்தான் கேட்கிறோம்: "செயின் சைக்கிளைக் குடுத்திட்டு ஸ்கூட்டி எடுங்கோ சேர், பெல்ற்தானே, கரைச்சல் இல்லை."

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். ஸ்கூட்டிக்குள் இருக்கிற பெல்ற் கியர் மாற்றுகிற வேலையைச் செய்கிறது. அதற்குப் பிறகு சக்கரத்தைச் சுற்றுவது எண்ணெய்க்குள் கிடக்கிற பல்லுச்சில்லுகள். சக்கரத்தையே நேரே இழுக்கிற பல்லு பெல்ற் ஹார்லி போன்ற பெரிய வண்டிகளில் வருவது. சத்தமில்லை, எண்ணெய் வேண்டாம், ஓட்டம் வழுவழுப்பு. ஆனால் ஒரு கல் இடையில் அகப்பட்டால் பெல்ற் காயப்படும். செயின்போல நடுவில் கழற்றிப் பூட்டவும் முடியாது. கோல்ட் விங், பிஎம்டபிள்யூ வண்டிகளின் ஷாவ்ற் மூடிய பெட்டிக்குள் ஓடும். உப்பும் மணலும் அண்டாது, இடைக்கிடை கியர் எண்ணெய் மாற்றினால் போதும். அதற்குப் பாரம் கூட, விலையும் கூட. 100, 125 சிசியில் அதைத் தேடுவது வீண்.

ஸ்கூட்டி பெல்ற்றும் தேயும். எஞ்சின் கத்துகிறது, வேகம் வரவில்லை, புறப்படும்போது உதறுகிறது என்றால் கழற்றிப் பார்க்க வேண்டும். மூடிக்குள் இருப்பதால் நாங்கள் பார்ப்பதில்லை. நடு வழியில் அறுந்தால் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். லான்ட்மாஸ்ரர் வைத்திருக்கிற தோட்டக்காரரைக் கேளுங்கள், பெல்ற் எப்படி வழுக்கும் என்று சொல்லுவார்.

செயினைக் கெடுப்பது நாங்கள்தான். கராஜில் கழித்த எஞ்சின் ஒயிலை ஊற்றுகிறோம். அதில் கரியும் இரும்புத் தூளும் இருக்கிறது. வீதி மணலும் சேர, செயினை அராவுகிற பசைதான் மிச்சம். எஞ்சினை நிறுத்தி, மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷும் கொண்டு கழுவித் துடைத்து, 90 கியர் எண்ணெயைச் செயினின் உட்பக்கம் மெல்லியதாகப் பூசி, இரவு விட்டு, மிச்சத்தைத் துடையுங்கள். 500 கிலோமீற்றருக்கு ஒருக்கால் செய்தால் போதும். மழையிலோ உப்புக்காற்றிலோ ஓடினால் அதற்கு முன்பே.

எங்களில் ஒருவர் போன வருஷம் பல்லுச்சில்லுகளை விட்டுவிட்டுப் புதுச் செயின் மட்டும் போட்டார். ஒன்றாய்ப் போட்டால் காசு கூடவாம். சில மாதத்தில் அக்சிலேட்டரைத் திருகும்போதெல்லாம் பின்னால் "டக்" என்று உதைத்தது. அளந்து பார்த்தோம். அவருடையது 428 செயின். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த 20ஆவது பின்னின் நடு வரை, இழுத்துப் பிடித்தால் புதிதில் 254 மில்லிமீற்றர் இருக்கும். 259 தாண்டினால் மாற்ற வேண்டியதுதான். அவருடையது 260. பழைய சில்லின் பல்லெல்லாம் கொக்கிபோல வளைந்திருந்தது. அதுதான் புதுச் செயினையும் தின்றது. கடைசியில் இரண்டாவது தடவையும் செயின் வாங்கி, சில்லுகள் இரண்டையும் சேர்த்தே மாற்றினார்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் "செயின் கூடாது" என்கிறவர்கள், தங்கள் வண்டியின் செயினைக் கடைசியாக எப்போது துடைத்தார்கள் என்று கீழே எழுதட்டும்.