பெயர் கேட்காத வாத்தியார்கள்

திருப்பூர் வட்டாரத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூடும் இடங்களில், பேச்சுவாக்கில் ஒரு கதை வரும். சொல்பவர் மாறுவார், சந்தை மாறும், மற்றபடி கதை ஒன்றுதான். யாருக்கு நடந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு எங்கள் எல்லோருக்கும் அது பொருந்துகிறது. அதனால் யார் பெயரும் போடாமல், எங்கள் கதையாகவே இங்கே எழுதுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தென்னம்பாளையம் சந்தை. எழுபதைத் தாண்டிய வாத்தியார் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுகிறார்.

"சார், நல்லா இருக்கீங்களா? என்னையத் தெரியுதுங்களா?"

"தெரியாம என்னப்பா! நல்லா இருக்கியா? குழந்தைங்க என்ன பண்றாங்க?"

வாத்தியாருக்கு முகம் பிடிபடவில்லை. பெயரும் வரவில்லை. முப்பது வருடம் வகுப்பெடுத்தவருக்கு இப்படிச் சமாளிப்பது கைவந்த கலை. ஆனால் எதிரே நிற்பவருக்கு எல்லாமே நினைவிருக்கிறது.

"82லீங்க சார், ஏழாவது. நீங்கதான் கணக்கு எடுத்தீங்க. அரைப்பரிச்சையோட நின்னுட்டனுங்க. கம்பெனில கைமடிக்குச் சேத்தி உட்டுட்டாங்க."

கைமடி என்றால் என்னவென்று திருப்பூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பவர் டேபிள் டெய்லரின் பக்கத்தில் நின்று, துணியை மடித்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்கும் வேலை. பனியன் கம்பெனிக்குள் நுழையும் பிள்ளைகளுக்கு முதல் படி அதுதான். நடுவில் டீத் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்கும் கம்பெனிக்கும் ஓட வேண்டும்.

"ஒரு நாள் சாயங்காலம் டீ வாங்கப் போறப்ப நீங்க சைக்கிள்ல வந்தீங்க சார். திட்டுவீங்கன்னு பயந்து சந்துக்குள்ள ஒளிஞ்சுட்டனுங்க" என்று சிரிக்கிறார் அவர்.

பிறகு, தயங்கித் தயங்கித் தன் காரியத்தைச் சொல்கிறார். வேலைக்குச் சேர்ந்தபோது வயது பன்னிரண்டு. பதினான்கு நிறையாத பிள்ளையைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்கிறது. அதனால் கூட்டியே சொல்லச் சொன்னார்கள், பதினைந்து என்று சொன்னார். கூட்டிய அந்த மூன்று வருடம் அப்படியே தங்கிவிட்டது. பின்னால் பி.எஃப். பிடிக்க ஆரம்பித்தபோதும் அதே கணக்கில்தான் பிறந்த தேதி ஏறியது. 1970இல் பிறந்தவர் காகிதத்தில் 1967இல் பிறந்தவர் ஆனார். ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதோடு பென்ஷன் கணக்குக்குப் பணம் போவது நின்றுவிடும். உடம்புக்கு 55தான் ஆகிறது. காகிதத்துக்கு 58 முடிந்துவிட்டது. இன்னமும் செக்கிங் டேபிளில் நின்று வேலை செய்கிறார். அந்த மூன்று வருடச் சேவை அவருடைய பென்ஷனில் சேராது.

"தேதிய மாத்தோணும்னா பள்ளிக்கோடத்து சர்ட்டிபிகேட் கேக்கறாங்க சார். ஆதார் இப்ப செல்லாதுங்கறாங்க. நான் டி.சி.யே வாங்கலீங்களே."

அவர் சொன்னது சரிதான். பிறந்த தேதிக்கு ஆதாரை ஆவணமாக ஏற்பதை வருங்கால வைப்பு நிதி நிறுவனம் 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டது. பள்ளிச் சான்றிதழை ஏற்கிறார்கள்.

"பள்ளிக்கூடத்துல போய்க் கேளு, குடுப்பாங்க" என்கிறார் வாத்தியார். சரிங்க சார் என்று கும்பிட்டுவிட்டு அவர் போய்விடுகிறார்.

கதை இவ்வளவுதான். இதைச் சொல்லி முடித்ததும், "வயசாச்சில்ல, மறதி" என்று எங்களில் ஒருவர் ஆறுதல் சொல்வது வழக்கம். அந்த ஆறுதலை இனி ஏற்பதற்கில்லை.

மறதி என்றால் எல்லோரையும் மறந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்தவனின் அப்பா பெயர் வரைக்கும் எங்களுக்குத் தெரியும். டாக்டரானவள் எந்த பெஞ்சில் உட்கார்ந்தாள் என்று சொல்வோம். நின்றுபோன பிள்ளைகளின் முகம்தான் வருவதில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்தபோதே நாங்கள் அவர்களைச் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்காத முகத்தை மறக்கக்கூட முடியாது.

நின்ற பிறகு நாங்கள் செய்தது என்ன? ஒரு வாரம் வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் விசாரிப்போம். "கம்பெனிக்குப் போறான் சார்" என்பான். அத்தோடு விசாரணை முடிந்தது. அந்தப் பெயரையும் உடனே அடிக்க மாட்டோம். ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகஸ்ட் 1ஆம் தேதிக் கணக்கை வைத்து நிர்ணயிப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் எங்களில் ஒருவர் உபரியாகி வேறு ஊருக்குப் போக வேண்டும். எனவே அந்தத் தேதி தாண்டும்வரை வராத பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டில் உயிரோடு வைத்திருந்தோம். தாண்டியதும் சிவப்பு மையில் கோடு போட்டோம். பிள்ளையைத் தக்கவைக்கக் காட்டாத அக்கறையைப் பெயரைத் தக்கவைக்கக் காட்டினோம்.

சேர்க்கை நீக்கல் பதிவேட்டில், விலகியதற்கான காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் 'நீண்ட நாள் வராமை' என்று எழுதினோம். வராமல் போனதற்குத்தான் காரணம் கேட்டார்கள். வரவில்லை என்பதையே காரணமாக எழுதி வைத்தோம். பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்ற உண்மையை எழுதியிருந்தால், திருப்பூரின் ஒவ்வொரு பள்ளியிலும் குழந்தைத் தொழிலுக்கு எழுத்துச் சாட்சி இருந்திருக்கும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் எங்கள் எழுத்து மாறவில்லை.

சில பிள்ளைகளை நாங்களே அனுப்பினோம். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டுமென்று, ஒன்பதாவதில் தடுமாறியவனின் அப்பாவைக் கூப்பிட்டு, "இவனுக்குப் படிப்பு வராதுங்க, ஏதாவது தொழில் பழக்குங்க" என்றோம். திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்.

பிறகு ஏற்றுமதிக் கம்பெனிகளில் சிறுவர்கள் குறைந்தார்கள். 1992இல் அமெரிக்க செனட்டில் உறுப்பினர் ஹார்கின் கொண்டுவந்த குழந்தைத் தொழில் தடுப்பு மசோதா நிறைவேறவே இல்லை. ஆனாலும் அது தந்த பயமும் வெளிநாட்டு வாங்குவோர் போட்ட நிபந்தனைகளும் வேலை செய்தன. கடல் கடந்து சட்டை வாங்குபவர் கேட்ட கேள்வியை, பக்கத்துத் தெருப் பள்ளியில் இருந்த நாங்கள் கேட்கவில்லை. வறுமை இருந்தது, சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வீடுகள் இருந்தன, அதெல்லாம் உண்மை. ஆனால் வீடு தேடிப் போன சில ஆசிரியர்கள் சில பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வந்ததும் உண்மை. எனவே முடியாது என்று சொல்லித் தப்ப எங்களுக்கு வழியில்லை.

சந்தையில் நடந்தது இரண்டாவது தவறு. அவருக்கு வேண்டிய தகவல் பள்ளியில் இருக்கிறது. சேர்க்கை நீக்கல் பதிவேடு அழிக்கக் கூடாத நிரந்தர ஆவணம். சேர்ந்த ஆண்டு, பெயர், தந்தை பெயர் மூன்றும் தெரிந்தால் பழைய கட்டுகளைப் புரட்டி வரியைக் கண்டுபிடிக்கலாம். அதை வைத்துத் தலைமையாசிரியர் சான்று தரலாம். ஆனால் நாற்பது வருடத்துக்கு முந்தைய பதிவேட்டைத் தேட அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை. கூடப் போய் உட்கார்ந்து தேட எங்களுக்கு நேரமிருந்தது. அதற்கு முதலில் பெயர் கேட்டிருக்க வேண்டும். கேட்டால், அடையாளம் தெரியவில்லை என்பது தெரிந்துவிடும். எங்கள் கௌரவத்தைக் காப்பாற்ற அவருடைய மூன்று வருடத்தை விட்டுக்கொடுத்தோம்.

ஆகவே எங்களுக்குள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பழைய மாணவர் யார் கும்பிட்டாலும், "மன்னிச்சுக்கப்பா, ஞாபகம் வரலை, பேரு சொல்லு, அப்பா பேரு சொல்லு" என்று கேட்டு எழுதிக்கொள்வோம். டி.சி. இல்லாமல் நின்றவர் என்றால் அவரோடு பள்ளிக்குப் போவோம், வரி கிடைக்கும்வரை தேடுவோம். இன்று பணியிலிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இப்போது உங்கள் வகுப்பில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பனியன் தொழிலாளர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் வீட்டுக்குப் போங்கள். போயும் வரவில்லை என்றால், உண்மைக் காரணத்தை அந்தக் கட்டத்தில் எழுதுங்கள்.