ஒரு கட்டுரை, பல வடிவங்கள்

சகோதரிகளே, சென்ற சில மாதங்களில் எமக்கு வந்த கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. சங்கத்திற்காக மெனக்கெட்டு நீண்ட கட்டுரை ஒன்றை எழுதி இணையத்தில் போடுகிறோம், வாசிப்பவர்கள் பத்துப் பேர்தான், என்ன செய்யலாம் என்பதே அது. புதிதாக இன்னொன்றை எழுதுவதற்கு முன், எழுதியதையே முகநூல் பதிவாகவும் படமாகவும் சிறு காணொளியாகவும் மாற்றலாம். அதை ஒரு எடுத்துக்காட்டுடன் பார்ப்போம்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் எருமைத் தயிர் விற்கும் பெண்கள் குழு ஒன்று, தாங்கள் தயிர் போடும் விதத்தை 1,800 சொற்களில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டியில் பால் கறப்பது, பாலைக் காய்ச்சுவது, உறை விடுவது, சட்டி தெரிவது, 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் முன் பாதையில் ஏறி வாவியைக் கடந்த நாட்கள், இன்றைய விற்பனை எல்லாம் அதில் இருக்கின்றன. (வெளியூர் வாசகிகளுக்கு: வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையைத்தான் எம்மவர் பாதை என்பார்கள்.)

முதல் வேலை கைத்தொலைபேசியில் அல்ல, தாளில். கட்டுரையை அச்செடுத்து பென்சிலோடு உட்காருங்கள். ஒருவர் அனுபவித்ததைச் சொல்லும் பந்திக்குப் பக்கத்தில் ‘ப’ என்று இடுங்கள், அது பதிவாகும். அளவோ ஒழுங்கோ வரும் இடத்தில் ‘வ’ இடுங்கள், அது வரைபடமாகும். கையின் அசைவைச் சொல்லால் விளக்கத் திணறியிருக்கும் இடம் எதுவோ, அங்கே ‘கா’ இடுங்கள். அது காணொளிக்கு உரியது. குறி விழாத பந்திகளும் இருக்கும். அவை கட்டுரையிலேயே கிடக்கட்டும். எல்லாவற்றையும் மாற்ற முனைந்தால் ஒன்றும் தேறாது. இந்தக் கட்டுரையில் நான்கு ‘ப’, ஒரு ‘வ’, ஒரு ‘கா’ கிடைத்தால் போதும். கிழமைக்கு ஒன்றாக ஆறு கிழமைக்கு வரும்.

பதிவு என்பது பந்தியை வெட்டி ஒட்டுவதல்ல. கட்டுரையில் “முன்னைய காலத்தில் போக்குவரத்து வசதிகள் குறைவாக இருந்தமையால் பல சிரமங்களை எதிர்நோக்கினோம்” என்று தொடங்கும் பந்தியை அப்படியே போட்டால் எவரும் நிற்க மாட்டார்கள். முகநூல் நீண்ட பதிவின் தொடக்கத்தை மட்டும் காட்டி மீதியை மறைத்துவிடும். ஆகவே பந்தியின் நடுவில் புதைந்திருக்கும் காட்சியை முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும். “பாதை வர ஒரு மணித்தியாலம் பிந்தினால் எங்கள் தயிர் வெயிலில் புளித்துவிடும். பாலம் வருவதற்கு முன் மண்முனைத் துறையில் சட்டிகளுக்கு ஈரச் சாக்குப் போட்டுக் காத்திருப்போம்.” இவ்வளவுடன் பதிவு தொடங்கட்டும். பின்னர் மூன்று நான்கு வாக்கியங்கள், முடிவில் முழுக் கட்டுரைக்கான இணைப்பு. ஒரு பதிவில் ஒரே விடயம்தான். பாலத்தைப் பற்றிய பதிவில் உறை மோரின் அளவைச் சேர்த்தால் இரண்டுமே நினைவில் நிற்காது.

வரைபடத்துக்கு வருவோம். காய்ச்சுதல், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுதல், உறை விடுதல், சட்டியில் ஊற்றுதல், அசையாமல் இரவு முழுக்க வைத்தல் என்ற ஐந்து படிகளும் ஒரு படத்தில் அடங்கும். அகலம் 1080, உயரம் 1350 என்ற அளவில் செய்தால் கைத்தொலைபேசித் திரையில் நன்றாக நிறைந்து தெரியும். ஒரு படிக்கு ஐந்தாறு சொற்களுக்கு மேல் வேண்டாம். முடித்ததும் படத்தை உங்கள் தொலைபேசிக்கு அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கி இடம் தேடாதீர்கள், சொல்லைக் குறையுங்கள்.

தமிழில் செய்பவர்களுக்குத் தனியான தொல்லை ஒன்று உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும். முதலில் அதனை யுனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். யுனிகோட்டில் இருந்தாலும், சில காணொளிச் செயலிகளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். அந்தச் செயலிகளில் கொம்பு இடம்மாறி நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். எனவே எந்தச் செயலியையும் எடுத்தவுடன் ‘கொக்கட்டிச்சோலை’ என்று தட்டிப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பெயரைவிட நல்ல பரீட்சை இல்லை. அது உடைந்தால், எழுத்தைப் படச் செயலியில் எழுதிப் படமாகச் சேமித்து, அந்தப் படத்தைக் காணொளியின் மேல் வையுங்கள்.

காணொளிக்குக் கட்டுரையை வாசித்துக் காட்டுவது பெரும்பாலானோர் செய்வது. ஆனால் ஒரு நிமிடத்தில் நிதானமாகச் சொல்லக்கூடியது ஏறக்குறைய நூறு சொற்கள்தான். 1,800 சொற்களில் நூறுதான் உள்ளே போகும் என்றால், ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்ல இடமுண்டு. இங்கே அந்தக் கேள்வி, தயிர் ஏன் இவ்வளவு கெட்டி என்பது. முதல் காட்சியில் சட்டியைக் கவிழ்த்துக் காட்டுங்கள், தயிர் விழாது. பார்ப்பவருக்கு அதுவே கேள்வியாகிவிடும். அடுத்து பால் பொங்கிக் காய்வது, விரலை வைத்துச் சூடு பார்ப்பது, உறை மோர் விடுவது, சட்டியில் ஊற்றுவது. பசுப்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், மண்சட்டி பாலின் நீரை உறிஞ்சிக்கொள்கிறது என்ற இரு காரணங்களைக் குரல் சொல்லட்டும். கடைசியாக அகப்பையால் வெட்டி எடுக்கும் காட்சி. ஒவ்வொன்றும் ஏழெட்டு வினாடி, எல்லாம் ஐம்பது வினாடிக்குள். தொலைபேசியை நெடுக்காகப் பிடித்து எடுங்கள். பலர் ஒலியை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார்கள் என்பதால் முக்கிய வரிகளை எழுத்திலும் போடுங்கள்.

இனி, சுருக்கும்போது நழுவுவது எது என்று பார்க்க வேண்டும். நீண்ட கட்டுரையில் “பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்ச வேண்டும்” என்ற வரி ஓரிடத்தில் இருக்கும். ஐந்து படிகளை நான்காக்கும் ஆசையில் முதலில் வெட்டுப்படுவது அதுதான், எல்லோருக்கும் தெரிந்தது தானே என்ற எண்ணத்தில். காய்ச்சாத பாலின் வழியே புருசெல்லோசிஸ் போன்ற நோய்கள் மனிதருக்குத் தொற்றும். படத்தை மட்டும் பார்த்துச் செய்பவருக்குக் கட்டுரை தெரியாது. ஆகையால் பென்சிலோடு உட்காரும்போதே, எந்த வடிவத்திலும் விடக்கூடாத வரிகளுக்கு அடிக்கோடிட்டு வையுங்கள். ஒவ்வொரு துண்டையும் கட்டுரை வாசிக்காத ஒருவரிடம் காட்டி, என்ன விளங்கியது என்று கேளுங்கள். அவர் காய்ச்சுவதைச் சொல்லாவிட்டால் படம் சரியில்லை.

விலையையும் தொலைபேசி இலக்கத்தையும் படத்துக்குள் எழுதாதீர்கள். பதிவில் எழுதினால் விலை மாறும்போது திருத்தலாம். வாட்ஸ்அப்பில் கைமாறிப்போன படத்தை யாரும் திருத்த முடியாது. தான்தோன்றீஸ்வரர் தேர்த் திருவிழா நேரத்தில் பழைய விலையைக் காட்டிப் பேரம் பேசுவார்கள். அதோடு, பெண்ணொருவரின் தனிப்பட்ட இலக்கம் அப்படிச் சுற்றுவது வேறு தொந்தரவுகளையும் வீட்டுக்குக் கொண்டுவரும். குழுவுக்கென்று தனி இலக்கம் ஒன்று எடுப்பது நல்லது.

கட்டுரையில் தன் கதையைச் சொல்லச் சம்மதித்த அக்கா, காணொளியில் முகம் காட்டச் சம்மதித்தார் என்று கொள்ள முடியாது. கட்டுரையில் பெயரை மாற்றலாம், காணொளியில் முகத்தை மாற்ற முடியாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். முடிந்த காணொளியை அவருக்குப் போட்டுக் காட்டிய பின்பே வெளியிடுங்கள். மறுத்தால் கைகளை மட்டும் எடுக்கலாம். தயிர் போடும் வேலையில் பார்க்க வேண்டியதும் கைகளைத்தான்.