கையொப்பம் கருத்தாகாது



2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறியது அரசின் முடிவு. 2016இல் தொடங்கிய டி.எல்.பி. எனும் இருமொழித் திட்டத்திலோ பெற்றோரின் சம்மதம் ஒரு நிபந்தனையாயிற்று. பெற்றோரைக் கேட்பது நல்லதே. ஆனால், எப்படிக் கேட்கிறோம்? பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பள்ளியின் படிவம் என் பார்வைக்கு வந்தது. அதிலிருந்த வினா இது:

"உங்கள் பிள்ளையின் ஒளிமயமான எதிர்காலத்திற்காகக் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிப்பதை ஆதரிக்கிறீர்களா? ஆம் / இல்லை."

இது வினாவன்று; வினா வேடமிட்ட விண்ணப்பம். எந்தத் தாய் தன் பிள்ளையின் எதிர்காலத்திற்கு 'இல்லை' என்பாள்? கணிதம் ஆங்கிலத்திலும் அறிவியல் தமிழிலும் இருக்கட்டும் என்று எண்ணுபவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இன்னும் முடிவு செய்யாதவருக்குக் கட்டமே இல்லை. போதாக்குறைக்கு, பெயரெழுதிக் கையொப்பமிட்டு வகுப்பாசிரியரிடமே கொடுக்க வேண்டும். ஆசிரியரின் மனம் கோணாமல் இருக்க வேண்டும் என்றே பலரும் 'ஆம்' என்பர்.

தமிழ் ஆர்வலர்களுக்கும் ஒன்று சொல்வேன். "நம் தாய்மொழியின் உயிர்காக்க இத்திட்டத்தை எதிர்க்கிறீர்களா?" என்று நாம் கேட்டால் அதுவும் இதே குற்றமே. நோக்கம் நல்லது என்பதால் கோணல் நேராகிவிடாது.

ஸ்காட்லாந்தைப் பாருங்கள். தனிநாட்டு வாக்கெடுப்புக்கு அங்குள்ள அரசு முன்வைத்த வினா, "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா?" என்று இருந்தது. தேர்தல் ஆணையம் அதை மக்களிடம் சோதித்துப் பார்த்தது. 'ஏற்கிறீர்களா' என்னும் சொல் 'ஆம்' பக்கம் சாய்க்கக்கூடும் என்று கண்டு, 2013 ஜனவரியில் அதை நீக்கச் சொன்னது. தனிநாடு கோரிய அந்த அரசே திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. 2014 செப்டம்பரில் மக்கள் விடையளித்தது, "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா?" என்னும் வினாவுக்கே. ஒரு சொல்லுக்காக அவ்வளவு அக்கறை!

நம் வினாவையும் திருத்தலாம். "உங்கள் பிள்ளை கணிதத்தை எம்மொழியில் கற்க விரும்புகிறீர்கள்? தமிழ் / ஆங்கிலம் / இன்னும் முடிவு செய்யவில்லை." அறிவியலுக்குத் தனி வினா. எதிர்காலம், முன்னேற்றம், உயிர், மானம் ஆகிய எச்சொல்லும் வேண்டா. கருத்தறியும் தாளில் பெயரும் வேண்டா. மூடிய பெட்டியில் இடச் செய்யலாம். திட்டத்திற்கான சம்மதப் படிவத்தில் கையொப்பம் வேண்டுமெனில், அது பின்னர் தனியாக வரட்டும்.

இத்துடன் பணி முடிந்ததா? இல்லை. முன்னோட்ட ஆய்வு செய்யாமல் எத்தாளையும் அச்சிடக்கூடாது. லகாட் வட்டாரத்தில் சில பெற்றோரிடம், "இருமொழித் திட்டம் என்றால் என்ன என்று உங்கள் சொற்களில் கூறுங்கள்" என்றேன். "தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்கள், சார்" என்றார் ஒரு தாயார். அவர் மீது பிழையில்லை. பெயர் அப்படித்தான் ஒலிக்கிறது. ஆனால், அத்திட்டத்தில் அப்பாடங்கள் ஆங்கிலத்தில் நடத்தப்படுகின்றன. அவர் 'ஆம்' என்றிருந்தால், இல்லாத ஒன்றுக்கல்லவா சம்மதித்திருப்பார்!

இம்முன்னோட்டத்திற்குப் பெருஞ்செலவில்லை. எட்டு அல்லது பத்துப் பெற்றோர் போதும். ஆனால், அவர்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களாக மட்டும் இருத்தலாகாது. ஷிப்ட் வேலை செய்பவரும், பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டியும், தமிழ் மட்டுமே வாசிப்பவரும் இருக்க வேண்டும். ஒவ்வொருவரையும் தனியே விடையளிக்கச் செய்து, "இவ்வினா எதைக் கேட்கிறது? ஏன் இவ்விடையைத் தேர்ந்தீர்கள்?" என்று வினவுங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். வீட்டில் தாளை நிரப்பும்போது நாம் அருகில் இருக்கப் போவதில்லை. ஒரே வினாவில் பலர் தயங்கினாலோ, வெறுமனே விட்டாலோ, ஓரத்தில் விளக்கம் எழுதினாலோ, பிழை வினாவில் உள்ளது. திருத்திய வினாவை வேறு சிலரிடம் மீண்டும் சோதியுங்கள்.

அந்தப் பத்துப் பேரின் விடைகளைக் கொண்டு விழுக்காடு கூறாதீர்கள். முன்னோட்டம் வினாவைச் சோதிப்பதற்கே. பெற்றோரின் விருப்பத்தை அளப்பதற்கன்று. அவ்விடைகளை முதன்மை ஆய்வின் கணக்கிலும் சேர்க்கலாகாது.

"நேரமில்லை" என்பர் சிலர். மாணவர்களுக்கான தேர்வுத்தாளை மும்முறை சரிபார்க்கும் நமக்கு, அவர்களின் பயிற்றுமொழியை முடிவு செய்யும் தாளுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் இல்லையா?

பெற்றோர்களே, அடுத்த முறை படிவம் வந்தால், "இவ்வினாவை யாரிடம் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கையொப்பமிடாதீர்கள்.