7805 தருவதாகச் சொல்லாத 1.5 ஆம்பியர்

எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை ஊன்றிப்போயிருக்கிறது. டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்தான் அந்தப் பொருளின் திறன். அதைத் தாண்டாமல் இருந்தால் போதும். நடுவில் வரும் அட்டவணைகளும் வரைபடங்களும் கம்பெனி இன்ஜினீயர்களுக்கானவை. இந்த நம்பிக்கை தவறு. ரிச்சி தெருவில் சில்லறையாக வாங்கக்கூடிய, முதல் முயற்சியிலேயே பலரும் கையில் எடுக்கும் 7805 ரெகுலேட்டரை வைத்தே அதைக் காட்டிவிடலாம். இதன் டேட்டாஷீட்டை எஸ்.டி. நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. வெளியீட்டு மின்னோட்டம் 1.5 ஆம்பியர் வரை என்று முதல் பக்கம் சொல்கிறது. உள்ளீடு அதிகபட்சம் 35 வோல்ட் என்று அடுத்த அட்டவணை சொல்கிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்து, 35 வோல்ட் கொடுத்தால் 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் எடுக்கலாம் என்று முடிவு கட்டினால், அது டேட்டாஷீட் எங்குமே சொல்லாத ஒன்று.

35 வோல்ட் இருக்கும் அட்டவணையின் தலைப்பைப் பாருங்கள். அது உச்ச வரம்பு அட்டவணை. அதைத் தாண்டினால் பொருள் நிரந்தரமாகப் பழுதாகலாம், அந்த நிலையில் ஒழுங்காக வேலை செய்யும் என்று பொருளில்லை என்பதை அதன் அடிக்குறிப்பு சொல்லிவிடுகிறது. எதற்குள் வைத்து இயக்கினால் என்ன கிடைக்கும் என்ற வாக்குறுதி வேறொரு அட்டவணையில் இருக்கிறது. அந்த உச்ச வரம்பு அட்டவணையிலேயே மின்திறன் இழப்புக்கு எதிரே ஓர் எண்ணைக்கூட எழுதாமல், 'உள்ளேயே கட்டுப்படுத்தப்படும்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எத்தனை வாட் தாங்கும் என்பது சிப்பை மட்டும் பொறுத்ததல்ல, நீங்கள் அதை எங்கே, எதன்மேல் பொருத்துகிறீர்கள் என்பதையும் பொறுத்தது; அதனால்தான் அந்த இடத்தில் எண் இல்லை. அதைக் கணக்கிடும் வழி அடுத்த சிறிய அட்டவணையில் இருக்கிறது. பலரும் புரட்டிவிடும் அந்த வெப்பத்தடை அட்டவணைதான், என் கருத்தில், இந்த டேட்டாஷீட்டிலேயே முக்கியமானது. ஹீட் சிங்க் இல்லாத டி.ஓ. 220 உறைக்கு அது 50 டிகிரி என்கிறது. அதாவது வெப்பமாகப் போகும் ஒவ்வொரு வாட்டுக்கும் உள்ளே இருக்கும் சிலிக்கான், சுற்றியுள்ள காற்றைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடேறும். அந்தச் சிலிக்கான் 125 டிகிரிக்குள் இருக்கும்வரைதான் வாக்குறுதி செல்லும்.

பொன்னேரியில் ஒரு வீட்டின் மேல்நிலைத் தொட்டிக்கு நீர்மட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் அடாப்டர், ஒரு 7805, ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, நான்கு 5 வோல்ட் ரிலேக்கள். போர்டும் எல்.இ.டி.களும் 100 மில்லிஆம்பியர் எடுக்கின்றன என்போம். இவ்வகைச் சிறிய ரிலே ஒன்றின் சுருள் சுமார் 70 மில்லிஆம்பியர் எடுக்கும். வெப்பமாகப் போகும் திறனுக்கான கணக்கு ஒரே வரி:

P = (Vin − Vout) × I

12-இல் 5 போக மீதி 7 வோல்ட்டை ரெகுலேட்டர்தான் விழுங்கியாக வேண்டும். ஒரு ரிலே மட்டும் இயங்கினால் 170 மில்லிஆம்பியர், 1.2 வாட், 60 டிகிரி ஏற்றம். கத்திரி வெயிலில் சுவரில் மாட்டிய மூடிய பெட்டிக்குள் காற்று 50 டிகிரி என்று கொண்டால் உள்ளே 110. பரவாயில்லை. இரண்டாவது ரிலே சேர்ந்தால் 134. வாக்குறுதியின் எல்லை தாண்டிவிட்டது, ஆனாலும் வெளியே எதுவும் தெரியாது. நான்கும் சேர்ந்தால் 380 மில்லிஆம்பியர், 2.7 வாட், கணக்கு 180 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த வெப்பத்தை எட்டும் முன்பே உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று வெளியீட்டைத் துண்டிக்கும், போர்டு ரீசெட் ஆகும், ரிலேக்கள் விடுபடும், சூடு தணியும், மறுபடி எல்லாம் தொடங்கும். ஒவ்வொரு ரிலேயாகச் சோதித்தபோது நன்றாக ஓடியதே என்று புரோகிராமில் பிழை தேடுவார்கள். இயக்கிச் சில நிமிடம் கழித்தே ரீசெட் ஆகிறது, ஆறவிட்டால் சரியாகிறது என்றால் குற்றவாளி புரோகிராம் அல்ல, வெப்பம். 1.5 ஆம்பியர் என்று அச்சிட்ட பொருள் அதில் நான்கில் ஒரு பங்கைக்கூட இங்கே நிம்மதியாகத் தராது.

"நாங்கள் எத்தனையோ செய்திருக்கிறோம், எல்லாம் ஓடுகிறது" என்பார்கள். ஓடும். 100 மில்லிஆம்பியர் எடுக்கும் சுற்றில் 0.7 வாட்தான் போகிறது. அது நம்பிக்கை சரியென்பதற்குச் சான்றல்ல, சுமை சிறியது என்பதற்கே சான்று. "பாதுகாப்புச் சுற்று இருக்கிறதே" என்பது இரண்டாவது வாதம். அது விபத்துக்கு வைத்த காவல். தினமும் அதன்மேல் சாய்ந்து ஓட்டுகிற சாதனத்தை நீர்மட்டத்துக்கு நம்ப முடியாது. மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் கனமானது: வெளியீடு 4.8 முதல் 5.2 வோல்ட்டுக்குள் நிற்கும் என்று அட்டவணை எழுதி உறுதி தந்திருக்கிறதே, பிறகென்ன? தந்திருப்பது உண்மை. ஆனால் சிலிக்கானின் வெப்பநிலை 25 டிகிரி என்று அந்த வரியிலேயே நிபந்தனையும் இருக்கிறது. சூடேறுவதற்கு முன் அளந்து முடிக்க, குறுகிய துடிப்புகளாக மின்சாரம் விட்டுச் சோதித்தோம், வெப்பத்தின் விளைவைத் தனியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள் என்று இதே 7805-க்கான ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் தாள் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. அடிக்குறிப்பைப் படிக்காதது நம் தவறு.

மாதிரிச் சுற்று பற்றியும் இதே மூடநம்பிக்கை உண்டு. அந்தப் படத்தில் உள்ளீட்டில் 0.33, வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் மட்டுமே இருக்கும். ரெகுலேட்டர் அலையாமல் நிற்பதற்குத் தேவையானது அவ்வளவுதான். ஹீட் சிங்க் படத்தில் இல்லை என்பதால் தேவையில்லை என்று ஆகாது. டிரான்ஸ்ஃபார்மரும் டையோடுகளும் வைப்பவர்கள் அலையைச் சமப்படுத்தும் பெரிய கெப்பாசிட்டரை முன்னால் தாங்களே சேர்க்க வேண்டும், 0.33 அந்த வேலையைச் செய்யாது.

மேலே சொன்ன பெட்டிக்குத் தீர்வு எளிது. 12 வோல்ட் சுருள் கொண்ட ரிலேக்களை வாங்கி அடாப்டரிலிருந்தே நேராக ஓட்டினால் 7805 சுமப்பது போர்டை மட்டும்தான். அது முடியாதென்றால் 15 டிகிரி வெப்பத்தடை கொண்ட ஹீட் சிங்க். சிப்புக்கும் உறைக்கும் இடையே 5, வெப்பப் பசைக்கு 1 என்று சேர்த்தால் மொத்தம் 21, 2.7 வாட்டுக்கு ஏற்றம் 57 டிகிரி. ஆனால் வெப்பம் பெட்டியை விட்டுப் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பெட்டியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் 50 டிகிரி என்ற நம் தொடக்க எண்ணே உயர்ந்துவிடும்.

ஹீட் சிங்க் பொருத்தும் முன் கால்களின் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். எழுத்துள்ள பக்கம் நம்மை நோக்கியிருக்க, 7805-இல் இடமிருந்து உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு; உலோக முதுகும் கிரவுண்டுதான், இரும்புப் பெட்டியில் நேரே திருகலாம். உருவத்தில் அச்சு அசலாக இருக்கும் LM317-இல் முதல் கால் சரிசெய்வதற்கானது, நடுக்கால் வெளியீடு, முதுகும் வெளியீடு. காப்புத் தகடு இல்லாமல் கிரவுண்டோடு சேர்ந்த பெட்டியில் திருகினால் ஷார்ட். 7905-இல் முதுகு உள்ளீடு. சின்ன 78L05-இல் வரிசையே தலைகீழ்: முதல் கால் வெளியீடு, கடைசிக் கால் உள்ளீடு. எனவே உங்கள் கையில் இருக்கும் பொருளின் எண்ணையும் நிறுவன முத்திரையையும் பார்த்து, அதே நிறுவனத்தின் டேட்டாஷீட்டை எடுங்கள். முதல் பக்கத்தைத் தாண்டி வெப்பத்தடை அட்டவணையிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.