எதைத் தேடுகிறார்களோ, அதையே வீடியோவாக எடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, யு-ட்யூபில் கோல வீடியோக்கள் போட விரும்பும் ஒரு வாசகி, "எந்தக் கோலத்தை முதலில் போடலாம்?" என்று கேட்டிருந்தார். மிக அழகான கோலத்தைப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மக்கள் தேடும் கோலத்தைப் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

யு-ட்யூப் தேடல் கட்டத்தில் kolam என டைப் செய்து, என்டர் தட்டாமல் சற்று நிறுத்துங்கள். கீழே சொற்றொடர்கள் பட்டியலாக விரியும். அவை பெரும்பாலும் மற்றவர்கள் உண்மையாகவே தேடியவை. ஒரு இடம் விட்டு a, b, c என ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தால் பட்டியல் மாறும். புள்ளி எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ் எழுத்தில் "கோலம்" என்று ஒருமுறை தனியாகத் தேடுங்கள். அந்தப் பட்டியல் வேறாக இருக்கும். உங்கள் பழைய தேடல்களும் இதில் கலந்துவிடும் என்பதால், குரோமில் Ctrl+Shift+N அழுத்தி, புதிய இன்காக்னிட்டோ விண்டோவில், அக்கவுண்ட்டில் நுழையாமல் சோதிப்பது நல்லது.

இந்தப் பட்டியல் எத்தனை பேர் தேடினார்கள் என்று சொல்லாது. அதற்குப் பலரும் கூகுள் ட்ரெண்ட்ஸ் (trends.google.com) தளத்திற்குப் போகிறார்கள். அங்கே Web Search என்று இருப்பதை YouTube Search என மாற்ற மறந்துவிடுகிறார்கள். மாற்றாவிட்டால் வீடியோ தேடுபவர்களின் கணக்கு கிடைக்காது. இடத்தை இந்தியா என்றும், காலத்தை 5 ஆண்டுகள் என்றும் அமைத்து, pongal kolam என்று கொடுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் கோடு மலைபோல் எழுந்து, பொங்கல் முடிந்ததும் சரிந்துவிடும். போகி அன்று வீடியோவை ஏற்றினால், தேடலில் அது மேலே வருவதற்குள் பண்டிகையே முடிந்திருக்கும். டிசம்பர் தொடக்கத்திலேயே ஏற்றிவிடுங்கள்.

அந்தக் கோட்டின் உச்சியில் 100 என்று இருக்கும். அது நூறு பேர் அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் தேடல் மிக உயர்ந்திருந்த நிலையே 100. மற்றவை அதோடு ஒப்பிட்டவை. எனவே kolam சொல்லுடன் rangoli சொல்லையும் சேர்த்தால், நாடு முழுக்கத் தேடப்படும் ரங்கோலிக்கு முன் கோலத்தின் கோடு தரையோடு ஒட்டித் தெரியலாம். கோலத்தை யாரும் தேடவில்லை என்று பயந்துவிடாதீர்கள். இடத்தைத் தமிழ்நாடு என மாற்றிப் பாருங்கள்.

என் கருத்தில், எப்போது ஏற்றுவது என்பதற்கு ட்ரெண்ட்ஸ். என்ன தலைப்பு என்பதற்குத் தேடல் பட்டியல். வெறும் kolam என்ற சொல்லுக்குப் போட்டி அதிகம். "7 புள்ளி, 4 வரை, இடுக்குப் புள்ளி" என்று தேடி வருபவருக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். தலைப்பில் 7 என்று எழுதிவிட்டு 15 புள்ளி வைத்தால் அவர் சில விநாடிகளில் வெளியேறிவிடுவார்.

ஏற்றிய சில வாரங்கள் கழித்து, யு-ட்யூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் அனலிடிக்ஸ் பகுதியைத் திறந்து, எங்கிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள் என்ற பட்டியலில் YouTube search என்பதைக் கிளிக் செய்திடுங்கள். அவர்கள் டைப் செய்த சொற்களே அங்கு இருக்கும். அடுத்த கோலத்தை அதிலிருந்து எடுங்கள்.