பிறையும் கணக்கும்: பிள்ளைகளைக் குழப்பாதீர்கள்



உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் நம்ம ஹெந்தளைப் பிள்ளை ஒருவர் கேட்கிறார்: "சேர், கணக்கு ஒன்று சொல்லுது, பிறை பார்த்தவங்க வேறொன்று சொல்றாங்க. நான் எதை விடணும்?" எதையும் விடத் தேவையில்லை. இந்தக் குழப்பத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

2013 நோன்புப் பெருநாளை நினைத்துப் பாருங்கள். ஓகஸ்ட் 7 மாலை கிண்ணியாவில் பிறை கண்டதாகச் சிலர் சாட்சி சொன்னார்கள். அங்கு பலர் 8ஆம் திகதி பெருநாள் எடுத்தார்கள். ஜம்இய்யத்துல் உலமாவின் அறிவிப்புப்படி நாட்டின் மற்றவர்களுக்கு 9ஆம் திகதி. உடனே ஒரு பக்கம் "பொய்யர்கள்", மறு பக்கம் "விஞ்ஞானத்தை வணங்குகிறவர்கள்" என்று ஏச்சுப் பேச்சு. கணக்கு உண்மையில் என்ன சொன்னது என்று கேட்டவர் குறைவு.

சந்திரனும் சூரியனும் ஒரே திசையில் வந்த நேரம் நம் நேரப்படி 7ஆம் திகதி அதிகாலை 3.21. இதில் கணக்குப் பிழைக்காது. அதன்பின் சந்திரன் மணிக்குச் சுமார் அரைப் பாகை விலகிப் போகும். அன்று மஃரிபுக்கு 15 மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. அதாவது ஏறத்தாழ ஏழரைப் பாகை, கையை நீட்டிப் பிடித்தால் நான்கு விரல் அகலம். ஏழு பாகைக்குக் கீழே பிறைக்கோடே தெரியாது என்பது வானியலாளர் கண்ட எல்லை. வெறுங்கண்ணால் கண்டதாகப் பதிவான மிக இளம் பிறைக்கு வயது பதினைந்தரை மணித்தியாலம்.

ஆகவே அன்று பிறை வானில் இருந்தது. கண்ணுக்குத் தெரிவது மிக மிகக் கடினம். பிறை எப்போது பிறக்கும் என்பது கணக்கு. அது தெரியுமா என்பதில் கண்ணும் காற்றும் மேகமும் சேர்கின்றன, அதனால் அது ஒரு மதிப்பீடு. மாதத்தை எதைக் கொண்டு தொடங்குவது என்பது மார்க்கத்தின் கேள்வி. அதற்குப் பௌதிகவியல் புத்தகத்தில் விடை இல்லை, தேடவும் வேண்டாம்.

சாட்சி சொல்பவரைப் பொய்யர் என்று ஏசவும் தேவையில்லை. மெல்லிய மேகக்கீற்று நேர்மையான கண்ணையும் ஏமாற்றும். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எத்தனை மணிக்குக் கண்டீர்? சூரியன் விழுந்த இடத்துக்கு இடமா, வலமா? எவ்வளவு உயரம்? கொம்பு எந்தப் பக்கம்? பிறையின் ஒளிர்ந்த பக்கம் எப்போதும் சூரியனை நோக்கியே இருக்கும். கொம்பு சூரியன் பக்கம் இருந்தது என்றால் அவர் கண்டது பிறையல்ல.

"மார்க்கத்தில் கணக்கு எதற்கு?" என்று கேட்கும் சகோதரர்களே, நோன்பு திறக்க நீங்கள் கடற்கரைக்குப் போய் சூரியனைப் பார்க்கிறீர்களா? சுவரில் தொங்கும் நேர அட்டவணையைத்தானே பார்க்கிறீர்கள்? அது முழுக்கக் கணக்கு. 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்த இப்னு ஷாத்திர், சந்திரனின் ஓட்டத்துக்கே புது மாதிரி அமைத்தவர். அவருக்குச் சம்பளம் தந்தது பள்ளிவாசல்.